ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு: உன் குறிப்பு, ஸ்லைடு வாரியாக

ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு, அதாவது மருந்துக்குக் கிருமி சாகாமல் தப்பிப்பது, பற்றிப் பேச நீ எழுதிய குறிப்பை எட்டு ஸ்லைடாகப் பிரித்துவிட்டேன், பார். இரண்டாவது பத்தியில் பெனிசிலின் வரலாறு, கிருமி மாறும் விதம், சளிக்கு மாத்திரை கேட்கும் பழக்கம் எல்லாம் ஒரே மூச்சில் வந்திருந்ததால் அதைத்தான் முதலில் உடைத்தேன். 'அறிமுகம்', 'காரணங்கள்' மாதிரித் தலைப்புகளைத் தூக்கிவிட்டேன், தலைப்பே விஷயத்தைச் சொல்லட்டும்.

1. 2019-ல் சுமார் 12.7 லட்சம் உயிர்கள்
- எதிர்ப்பு நேரடிக் காரணமான இறப்புகள்
- உலகளாவிய மதிப்பீடு

(தொடர்புடைய இறப்புகள் 49.5 லட்சம் என்பதையும் பக்கத்திலேயே போட்டிருந்தாய். இரண்டு எண் இருந்தால் வித்தியாசம் என்ன என்று யோசிப்பதிலேயே கூட்டம் நின்றுவிடும், அது கேள்வி வந்தால் சொல்ல.)

2. ஆன்டிபயாட்டிக் வைரஸைக் கொல்லாது
- சளி, ஃப்ளூ: வைரஸ்
- பெனிசிலின் தாக்குவது பாக்டீரியாவின் செல் சுவரை
- வைரஸுக்கு அந்தச் சுவரே இல்லை

3. எதிர்ப்பு வருவது கிருமிக்கு, உடம்புக்கு அல்ல
- மாறியது பாக்டீரியா
- மாத்திரையே சாப்பிடாதவருக்கும் தொற்றலாம்

(குறிப்பில் இது அரை வரி. 'எனக்கு அந்த மருந்து பழகிப்போச்சு' என்று நினைப்பவர்கள்தான் அதிகம், அதனால் தனி ஸ்லைடு. இங்கே அவசரப்படாதே.)

4. மருந்து வடிகட்டுகிறது
- டி.என்.ஏ. நகலெடுப்பில் தற்செயல் பிழைகள்
- சில பிழைகள் கிருமியைக் காக்கும்
- மருந்து மற்றவற்றை அழிக்கும்
- தப்பியது பெருகும்

(ஈ.கோலை என்ற பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் என்பதை வாயால் சொல். ஸ்லைடில் வேண்டாம்.)

5. பாக்டீரியா எதிர்ப்பைக் கைமாற்றும்
- பிளாஸ்மிட்: சிறு டி.என்.ஏ. வளையம்
- வேறு இனத்துக்கும் போகும்

6. தப்பிக்க மூன்று வழி
- மருந்தை உடைப்பது
- வெளியே தள்ளுவது
- இலக்கை மாற்றிக்கொள்வது

(நொதிகளின் பெயர்களை எடுத்துவிட்டேன், மன்னி.)

7. புது மருந்து வந்தால் எதிர்ப்பும் பின்னாலேயே வரும்
- 1928: ஃபிளெமிங், பெனிசிலின்
- 1945: நோபல் உரையிலேயே எச்சரிக்கை
- 1959: மெதிசிலின் என்ற புது ஆன்டிபயாட்டிக்
- 1961: அதற்கும் எதிர்ப்பு

(கடைசி இரண்டு வரிக்கு நடுவில் கொஞ்சம் நிறுத்து, இடைவெளி எவ்வளவு என்று அவர்களே கணக்குப் போடுவார்கள்.)

8. நம் கையில் இருப்பது
- மருத்துவர் எழுதினால் மட்டும்
- மிச்ச மாத்திரையைப் பகிராதே
- கை கழுவல், தடுப்பூசி

பண்ணை விலங்குகள் பற்றிய கடைசிப் பத்தியை விட்டுவிட்டேன். அதை இதில் நுழைத்தால் எட்டாவது ஸ்லைடு நீர்த்துப்போகும். அது இருந்தே ஆக வேண்டும் என்றால் 7-க்கு அப்புறம் தனியாக 'பண்ணைகளிலும் இதே மருந்துகள்' என்று ஒன்று போடலாம், ஆனால் இரண்டு புள்ளிக்கு மேல் எழுதாதே.