விலைப் பட்டியல் தயார், அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை பாருங்கள்

அண்ணே, வணக்கம். நீங்கள் எழுதி, படமெடுத்துப் போனில் அனுப்பிய வரிகளை வகை பிரித்து, அலகு போட்டு, விலையை நேர்கோட்டில் நிறுத்திவிட்டேன். நீங்கள் எழுதியிருந்தது எப்படி இருந்தது என்பதற்கு நாலு வரி:

```
நீல பேனா 10 டஜன் 108
நோட்டு 200பக் கோடு 65 டஜ 720
ஏ4 கட்டு 290
ஏ4 ரீம் 295 அட்டைப்பெட்டி 5ரீம் 1425
```

முதல் வரியில்தான் அதிக நேரம் நின்றேன். ஒன்று 10, டஜன் 108 என்பது உங்களுக்குத் தெரியும். வாங்க வருகிறவர் அதைப் பத்து டஜன் 108 என்று படித்தால் 120 பேனாவை அந்த விலைக்குக் கேட்பார், அவர் மேல் தப்பும் சொல்ல முடியாது. அதனால் சில்லறைக்கு ஓர் அலகு, ஒரு விலை. மொத்தத்துக்குத் தனியாக ஓர் அலகு, ஒரு விலை. எண்ணிக்கை அலகோடு மட்டும் வரும், விலைப் பத்தியில் விலையைத் தவிர வேறு எதுவும் வராது.

'பக்' என்று எழுதியதைப் பக்கம் என்றே எடுத்துக்கொண்டேன், பாக்கெட் என்று அல்ல. கட்டும் ரீமும் ஒன்றுதான் என்று போனில் சொன்னீர்கள், அதனால் 295 மட்டும் நிற்கிறது. ரீம் என்றால் 500 தாள் என்பதையும் அலகிலேயே போட்டிருக்கிறேன்.

எழுதுபொருள் விலைப் பட்டியல்

| பொருள் | சில்லறை அலகு | விலை | மொத்த அலகு | விலை |
|:--|:--|--:|:--|--:|
| பேனா, பென்சில் | | | | |
| பேனா, நீலம் | 1 | 10.00 | டஜன் | 108.00 |
| பேனா, சிவப்பு | 1 | 10.00 | டஜன் | 108.00 |
| பென்சில், எச்பி | 1 | 6.00 | பெட்டி (10) | 55.00 |
| அழிப்பான், சிறியது | 1 | 5.00 | பெட்டி (20) | 90.00 |
| அழிப்பான், பெரியது | 1 | 10.00 | – | – |
| ஷார்ப்னர் | 1 | 7.50 | – | – |
| நோட்டு, தாள், ஃபைல் | | | | |
| நோட்டு, 100 பக்கம், கோடு இல்லாதது | 1 | 38.00 | டஜன் | 430.00 |
| நோட்டு, 200 பக்கம், கோடு போட்டது | 1 | 65.00 | டஜன் | 720.00 |
| ஏ4 தாள், 80 ஜிஎஸ்எம் | ரீம் (500 தாள்) | 295.00 | அட்டைப்பெட்டி (5 ரீம்) | 1,425.00 |
| ஃபைல், கயிறு வைத்தது | 1 | 14.00 | கட்டு (10) | 130.00 |
| ஒட்ட, பின் போட | | | | |
| பசை, 150 மி.லி. | பாட்டில் | 35.00 | – | – |
| ஒட்டு டேப், 1 அங்குலம் | சுருள் | 20.00 | 6 சுருள் | 108.00 |
| ஸ்டேப்ளர் பின், சிறியது | பெட்டி | 12.00 | 20 பெட்டி | 220.00 |
| அளக்க, வெட்ட | | | | |
| ஸ்கேல், 30 செ.மீ. | 1 | 15.00 | – | – |
| கத்தரிக்கோல் | 1 | 60.00 | – | – |

கோடு (–) போட்ட இடத்தில் மொத்த விலை கிடையாது.

ஷார்ப்னர் ஒன்றுதான் 7.50. அந்த ஒன்றுக்காகத்தான் எல்லா விலைக்கும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம். 12 என்றும் 7.50 என்றும் கலந்து விட்டால் வலப்பக்கம் தள்ளினாலும் ஒன்றின் கீழ் ஒன்று நிற்காது, 750 போலக்கூடக் கண்ணில் படும். `/-` குறிகளை எடுத்துவிட்டேன்.

பொருளின் பெயர் முதலில், நிறமும் அளவும் பின்னால் என்று வைத்தது தேடுவதற்காக. 'நீல பேனா', 'சிவப்பு பேனா' என்று இருந்தால் ஒன்று ந-வில் போய் நிற்கும், இன்னொன்று ச-வில்.

பழைய பட்டியலில் விலை கோணலாக நின்றதற்கு ஸ்பேஸ்பார்தான் காரணம். தமிழில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு அகலம். 'ணை' பிடிக்கிற இடமும் 'ர' பிடிக்கிற இடமும் ஒன்றல்ல. திரையில் ஸ்பேஸ் தட்டித் தட்டி நேராக்கியது, ஃபான்ட் மாறியதும் கலைந்துபோகும். இப்போது அட்டவணையாகவே இருக்கிறது. விலை மாறினால் அந்தக் கட்டத்துக்குள் எண்ணை மட்டும் மாற்றுங்கள், ஸ்பேஸ் தட்டவே வேண்டாம்.

ஏ4 தாளில் ஒரே பக்கம், 12 புள்ளி எழுத்து. அச்சகத்துக்குப் பிடிஎஃப்பைக் கொடுங்கள். வேர்ட் கோப்பைக் கொடுத்தால் அவர்களிடம் நம்முடைய ஃபான்ட் இல்லாமல் எழுத்து மாறலாம். நீங்களே பிரிண்ட் எடுத்தால் `Actual size` என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒன்றே ஒன்று பாக்கி. ஃபைல் வரியில் 14-ஆ, 19-ஆ என்று படத்தில் சரியாகத் தெரியவில்லை. கட்டு 130 என்பதால் 14 என்று வைத்திருக்கிறேன். 19 என்றால் உடனே சொல்லுங்கள், மாற்றி அனுப்புகிறேன். அதுவரை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.