தீர்மானம் 4 மீதான இரகசிய வாக்கெடுப்பு: வாக்கு ஆய்வாளர்கள் அறிக்கையும் குறிப்பேட்டுப் பதிவும்

பெறுநர்: தலைவர், ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டம்

ஐயா,

நிர்வாகக் குழுவின் பதவிக்காலத்தை 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாக்கும் தீர்மானத்தின் மீது நடந்த இரகசிய வாக்கெடுப்பை நாங்கள் இருவரும் முழு நேரமும் உடனிருந்து கவனித்தோம். எங்களில் யாரும் குழு உறுப்பினர் இல்லை. பெட்டி காலி என்பதை அவையில் திறந்து காட்டிய பிறகே பூட்டினோம்.

அச்சிட்ட சீட்டுகள் 220. உறுப்பினர்களிடம் கொடுத்தவை 186. அதில் 2 சீட்டுகள் தவறாகக் குறித்ததால் திரும்பி வந்தன. ரத்து செய்து மாற்றுச் சீட்டு கொடுத்தோம். ஆக, வாக்களிக்கச் சீட்டு பெற்றவர்கள் 184 பேர். பெட்டியில் இருந்தவை 182. மீதி 2 சீட்டுகள் பெட்டிக்கு வரவில்லை. கையோடு எடுத்துப் போயிருக்கலாம். கொடுக்காமல் மிஞ்சிய 34-ஐயும் சேர்த்தால் 220 சரியாக வருகிறது.

செல்லாதவை 5: வெற்றுச் சீட்டு 3, இரண்டு கட்டத்திலும் குறித்தது 1, கையெழுத்துப் போட்டது 1. பெருக்கல் குறிக்குப் பதில் டிக் போட்ட ஒரு சீட்டும் இருந்தது. எண்ணம் தெளிவாகத் தெரிந்ததால் ஆதரவு வாக்காக ஏற்றோம். அதை விட்டுவிட்டாலும் முடிவு மாறாது.

செல்லும் வாக்குகள் 177.
ஆதரவு 119
எதிர்ப்பு 58

முதல் எண்ணிக்கையில் 118, 59 என்று வந்தது. எதிர்ப்புக் கட்டில் ஓர் ஆதரவுச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்ததை மறு எண்ணிக்கையில் கண்டோம். மூன்றாம் முறையும் எண்ணினோம். 119, 58 உறுதியானது.

துணைவிதிப்படி, செல்லும் வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 177-க்கு அது 118. ஒரே வாக்கு கூடுதலாகத் தீர்மானம் நிறைவேறுகிறது. குறிப்பேட்டில் எழுதும்போது 177 என்ற எண்ணை விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். 182-ஐ அடிப்படையாக வைத்தால் 122 வாக்கு தேவை என்றாகி, தீர்மானம் தோற்றதாகத் தெரியும்.

சீட்டுகளை உறையிலிட்டு, மேலே நாங்கள் இருவரும் கையெழுத்திட்டுச் செயலாளரிடம் ஒப்படைத்துள்ளோம்.

இப்படிக்கு,
வாக்கு ஆய்வாளர்கள் இருவர் (ஒப்பம்)

நடவடிக்கைக் குறிப்பேடு, பொருள் 4

வாக்கு ஆய்வாளர்களின் அறிக்கையைத் தலைவர் அவையில் வாசித்தார். பெட்டியில் இருந்த சீட்டுகள் 182, செல்லாதவை 5, செல்லும் வாக்குகள் 177, ஆதரவு 119, எதிர்ப்பு 58. தேவையான மூன்றில் இரண்டு பங்கு 118. தீர்மானம் நிறைவேறியதாகத் தலைவர் அறிவித்தார். யார் எப்படி வாக்களித்தார் என்பது பதிவு செய்யப்படவில்லை. உறுப்பினர் ஒருவர் மறு எண்ணிக்கை கோரினார். ஏற்கெனவே மூன்று முறை எண்ணியதைத் தலைவர் எடுத்துச் சொன்னதும் கோரிக்கையைத் திரும்பப் பெற்றார். அறிக்கையின் மூலப் பிரதி இணைப்பு 2 ஆக வைக்கப்பட்டது. சீட்டுகளை 90 நாள் பத்திரப்படுத்தி, அப்புறம் அழிக்க அவை ஒப்புக்கொண்டது.

திருத்தம்: மேலே “182 வாக்குகளில் 119” என்று முதலில் எழுதியது அடிக்கப்பட்டு, அறிக்கையின்படி மாற்றப்பட்டது. தலைவர், செயலாளர் சுருக்கொப்பம்.