சிறுபாலத்தின் அடியில் உள்ள கழிவுநீர்க் கால்வாய் அடைப்பை நீக்கக் கோரும் மனு

நாள்: 22.09.2025

அனுப்புநர்
ச. மீனாட்சி மற்றும் தெருவாசிகள்,
கதவு எண் 14, பிள்ளையார் கோயில் 2ஆம் குறுக்குத் தெரு,
27ஆவது வார்டு.

பெறுநர்
நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பிள்ளையார் கோயில் 2ஆம் குறுக்குத் தெருக் கழிவுநீர்க் கால்வாய் – சிறுபாலத்தின் அடியில் அடைப்பு – நீக்கித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எங்கள் மனு, நாள் 12.06.2025.
2. மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அளித்த மனு, நாள் 14.07.2025.
3. தங்கள் அலுவலகப் பதில், நாள் 06.08.2025.
4. புகார்ப் பதிவேட்டில் எழுதிய புகார், நாள் 01.09.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவின் மேற்கு ஓரமாகப் போகும் கழிவுநீர்க் கால்வாய், தெருமுனையில் மெயின் ரோட்டைக் கடக்கும் சிறுபாலத்துக்கு அடியில் அடைத்துக் கிடக்கிறது. ஏப்ரல் மாதத்திலிருந்து இதே நிலைதான். தெருவில் உள்ள 38 வீடுகளின் சமையலறை, குளியலறைத் தண்ணீர் முழுவதும் இதில்தான் விழுகிறது. போக வழியில்லாமல் அது பின்னால் ஏறி, தாழ்வாக இருக்கும் 9 முதல் 17 வரையிலான கதவு எண்களின் வாசலில் தேங்குகிறது. முனையில் உள்ள அங்கன்வாடிக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது.

அடைப்புக்குக் காரணம் எங்களுக்குக் கண்ணால் கண்டே தெரியும். மார்ச் கடைசியில் குடிநீர்க் குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டியபோது, உடைத்த கான்கிரீட் துண்டுகளும் ஜல்லியும் பாலத்தின் வாய்க்குள் விழுந்தன. அவற்றை யாரும் எடுக்கவில்லை. அப்புறம் புதுக் குழாயையும் பாலத்தின் உள்ளேயே குறுக்காகக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது பாலித்தீன் பை, தேங்காய் மட்டை, கந்தல் துணி என எது மிதந்து வந்தாலும் அந்தக் குழாயில் சிக்கி நிற்கிறது. இரண்டடி அகலப் பாலத்தில் தண்ணீர் போக நான்கு விரற்கடை இடைவெளிகூட இல்லை.

எங்களுக்குப் பெரிய பயம் குடிநீரைப் பற்றியதுதான். தண்ணீர் மேலேறாததால் பல வீடுகளில் வாசலோரப் பள்ளத்துக்குள்தான் குடிநீர்க் குழாய் இருக்கிறது. சாக்கடை அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கிவிடுகிறது. குடிநீர் விடுவதை நிறுத்தியதும் குழாய் வெளித் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மறுமுறை தண்ணீர் வரும்போது முதல் இரண்டு குடம் மஞ்சளாக, நாற்றத்தோடு வருகிறது. அதைக் கீழே கொட்டிவிட்டுத்தான் பிடிக்கிறோம். இப்படியே விட்டால் வயிற்றுப்போக்கு வருவதற்கு ரொம்ப நாள் ஆகாது. தேங்கிய சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியது என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

முதல் மனுவுக்குப் பிறகு, ஜூன் 19 அன்று தூய்மைப் பணியாளர்கள் வந்தார்கள். திறந்திருக்கும் பகுதியில் தூரை அள்ளிச் சாலையோரம் குவித்தார்கள். அவர்களிடம் மண்வெட்டியும் இரும்புச் சட்டியும்தான் இருந்தன; பாலத்தின் உள்ளே கைவைக்க வழியில்லை. அவர்கள்மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் குவித்த தூரை எடுக்க வண்டி வரவில்லை. அடுத்த மழையில் பாதிக்குமேல் கால்வாய்க்குள்ளேயே திரும்ப இறங்கிவிட்டது. அப்படியிருக்க, ஆட்சியரிடம் கொடுத்த மனுவுக்கு, "கால்வாய் தூர்வாரப்பட்டதால் மனு முடித்துவைக்கப்படுகிறது" என்று தங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. பாலத்தின் அடைப்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. செப்டம்பர் 1ஆம் தேதி பதிவேட்டில் எழுதிய புகாருக்கு இதுவரை யாரும் வந்து பார்க்கவில்லை.

ஆகவே, திறந்த கால்வாயை மறுபடியும் வாருவதால் பயனில்லை என்பதைத் தயவுசெய்து கருத்தில் கொள்ள வேண்டுகிறோம். பாலத்தின் மேல்மூடியைத் திறந்து, உள்ளே கிடக்கும் கான்கிரீட் துண்டுகளை எடுத்து, உறிஞ்சும் இயந்திரத்தைக் கொண்டு சேற்றை அகற்ற வேண்டும். எடுத்த தூரை அன்றைக்கே வண்டியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். குடிநீர்க் குழாயைப் பாலத்துக்கு வெளியே மாற்றிப் பதித்தால்தான் இந்த அடைப்பு திரும்ப வராது. அந்த வேலைக்கு மதிப்பீடு, டெண்டர் என்று நாளாகும் என்றால், அடைப்பை எடுப்பதை மட்டுமாவது வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபர் 10ஆம் தேதிக்குள் முடித்துத் தாருங்கள். எங்கள் தெருக் குடிநீரையும் ஆய்வுக்கு அனுப்பி முடிவைத் தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திக் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் தெருவுக்காக எந்தப் பணியாளரையும் பாலத்துக்குள் இறக்கிவிட வேண்டாம். அதற்கு நாங்கள் ஒருநாளும் சம்மதிக்க மாட்டோம்.

கால்வாய்க்கு மேல் சிலாப் போட்டிருக்கும் வீட்டுக்காரர்கள், வேலை நடக்கும் நாளில் அவற்றைத் தூக்கி வைக்கச் சம்மதித்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். முதல் நாளே தகவல் சொன்னால் தெருவில் நிற்கும் வண்டிகளையும் எடுத்துவிடுவோம். உதவிப் பொறியாளர் நேரில் வந்து பாலத்தைப் பார்வையிடும் நாளையும், எடுக்கப்போகும் நடவடிக்கையையும் எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ச. மீனாட்சி
தெருவாசிகள் சார்பாக

இணைப்பு: முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள், 06.08.2025 நாளிட்ட பதிலின் நகல், சிறுபாலம் மற்றும் குழாய்ப் பள்ளங்களின் புகைப்படங்கள், 38 வீட்டாரின் கையெழுத்துத் தாள்.

நகல்: நகராட்சிப் பொறியாளர், நகர்நல அலுவலர், 27ஆவது வார்டு உறுப்பினர்.