கட்டுரையாளர் அறிமுகம்: பா. முத்துலட்சுமி

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளராக இருக்கிறேன். மேலூர் வட்டாரத்துக் கண்மாய்களில் தண்ணீரை யார், எப்படிப் பங்கிட்டார்கள் என்பதுதான் ஆய்வு. சொந்த ஊரும் மேலூருக்குப் பக்கம்தான்.

நான் படித்து வந்தது வரலாறு இல்லை. கட்டடப் பொறியியலில் பி.இ., நீர்வளப் பொறியியலில் எம்.இ. அப்புறம் வேறொரு நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து, கண்மாய்களின் நீர் வரவு செலவைக் கணினியில் கணக்கிடும் வேலையை இரண்டு ஆண்டுகள் செய்தேன். என் கணக்கில் கண்மாய் நிரம்பி மறுகால் பாயும் நாள், நிஜத்தில் பாயும் நாளைவிட எப்போதும் முந்தியே வந்தது. கரையில் கசிவைக் குறைவாக மதிப்பிட்டுவிட்டேன் என்று நினைத்து, அந்த எண்ணை மட்டும் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு மார்கழிக் காலையில், கண்மாயின் உபரி நீர் வழிந்து வெளியேறும் கலுங்கின் மட்டத்தை மறுபடி அளக்கப் போயிருந்தேன். கலுங்கின் மேல் முழங்கால் உயரத்துக்கு வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருக்கும். அந்த ஊர் நீர்ப்பாய்ச்சி, எழுபது வயதைத் தாண்டியவர், இரண்டு கற்களுக்கு நடுவே வைக்கோலைப் பிரிபோல முறுக்கி வைத்து, மேலே களிமண்ணை அள்ளி அப்பிக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். கல்லில் பழைய பாசிக்கோடு ஒன்று தெரிந்தது. கலுங்குத் தளத்துக்கு மேல் சரியாக நான்கு விரல். மண் அந்தக் கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிட்டார். ஏன் தாத்தா, இன்னும் கொஞ்சம் வைத்தால் தண்ணீர் கூடுதலாக நிற்குமே என்று கேட்டேன்.

“கல்லத்தான் அளந்திருக்க தாயி. கல்லுக்கு இடையில வைக்கிற மண்ண யாரு அளக்குறது? நாலு வெரலுக்கு மேல போனா மேக்காட்டுக்காரன் சண்டைக்கு வருவான், கீழ் கண்மாய்க்காரன் கேஸ் போடுவான்.”

கலுங்கில் வழியும் நீருக்குப் பொறியியலில் Q = C L H^1.5 என்று எழுதுவோம். அதில் H என்பது கலுங்கு விளிம்புக்கு மேல் நிற்கும் நீரின் உயரம். அந்த விளிம்பை மாறாத ஒரே எண்ணாக வைத்திருந்தேன். அதுவோ மழை ஓயும் நேரத்தில் மூன்று தரப்பும் ஒத்துக்கொண்ட நான்கு விரல். உயர்த்தினால் நீர்ப்பிடிப்பை ஒட்டிய புன்செய் மூழ்கும், கீழ்க் கண்மாய்க்கு மறுகால் தண்ணீர் தாமதமாகும். அந்த நான்கு விரலை எப்போது, யார் முடிவு செய்தார்கள் என்பதற்கு என் படிப்பில் பதில் இல்லை. நான் தெரிந்துகொள்ள விரும்பியது அதை மட்டும்தான். பதிவை ரத்து செய்துவிட்டு, வரலாற்றில் முதலிலிருந்து தொடங்கினேன். உதவித்தொகை நின்றது. வீட்டில் அம்மா ஒருவர்தான் ‘சரி, போ’ என்றார்.

புதிதாகக் கற்றவற்றில் என்னை அதிகம் உழைக்கவைத்தவை பழைய தமிழ்ப் பின்னங்கள். நீர்ப்பங்கு எழுதிய காகிதங்களில் மா என்றால் 1/20, காணி 1/80, முந்திரி 1/320. ஒரு முந்திரிப் பங்குக்காக மனுமேல் மனு எழுதியிருக்கிறார்கள். சட்டங்களையும் படிக்கவேண்டியிருந்தது. குடிமராமத்து ஊரார் மனமுவந்து செய்த வேலை என்றே சொல்லிக் கேட்டு வளர்ந்தேன். அந்த வேலைக்கு வராதவர்களிடம் பணம் வசூலிக்க 1858ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் சட்டம் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் கண்மாய் வரலாற்றை எழுத முடியாது என்பது என் உறுதியான கருத்து.

பொறியியலை நான் விட்டுவிடவில்லை. மட்டம் பார்க்கும் கருவியும் அளவுக் கோலும் இன்றும் களப்பணிக்கு என்னோடு வருகின்றன. தகராறு பற்றிய ஆவணத்தில் ‘ஒரு முழம் உயர்த்திவிட்டார்கள்’ என்று இருந்தால், அந்த ஒரு முழத்தால் எவ்வளவு நிலம் மூழ்கியிருக்கும் என்று என்னால் கணக்கிட முடியும். புகார் மிகையா, உண்மையா என்று அப்போது கொஞ்சம் தெரியும்.

இந்தக் கருத்தரங்கில் நான் வாசிக்கும் கட்டுரை: ‘நான்கு விரல் மண்: மேலூர்க் கண்மாய்களில் கலுங்கு உயரம் பற்றிய உடன்பாடுகளும் தகராறுகளும்’. 1895இல் பெரியாறு அணை திறந்து கால்வாய்த் தண்ணீர் வந்த பிறகு, மழையை மட்டும் நம்பியிருந்த காலத்து உடன்பாடுகள் என்ன ஆயின என்பதைப் பேசுகிறேன். இரண்டாம் நாள் பிற்பகல் அமர்வு. உங்கள் வீட்டில் நீர்ப்பங்கு, மடை, கலுங்கு தொடர்பான பழைய காகிதம் ஏதாவது இருந்தால், ஒரு துண்டாக இருந்தாலும், தேநீர் இடைவேளையில் என்னிடம் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கே வந்து படித்துக்கொள்கிறேன்.