பரஸ்பர இரகசியக்காப்பு ஒப்பந்தம்: உள்சுற்றுக்கான சுருக்கம்

பெறுநர்: பொருள் மேம்பாடு, மென்பொருள் பொறியியல், விற்பனை ஆகிய பிரிவுகளின் தலைவர்கள்
அனுப்புநர்: சட்டப் பிரிவு
பொருள்: கிடங்குத் தானியங்கி வண்டிகளைத் தயாரிக்கும் நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தம், 2025 ஜூன் 2 முதல் நடைமுறையில் உள்ளது

நமது இருப்புக் கணிப்பு மென்பொருளை எதிர்த்தரப்பின் தானியங்கி வண்டிகளுடன் இணைத்து இயக்க முடியுமா என்று இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆராய்வதற்காக இந்த ஒப்பந்தம் கையெழுத்தாகியுள்ளது. ஒப்பந்தத்தில் இது ‘நோக்கம்’ எனப்படுகிறது. பெற்ற தகவலை இந்த நோக்கத்துக்கு வெளியே எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்பதே அடிப்படைக் கடமை. பதினான்கு பிரிவுகள் கொண்ட அந்த ஆவணத்தில் அன்றாட வேலையைத் தொடும் நான்கு விஷயங்களை மட்டும் இங்கே பிரித்துத் தருகிறோம். இந்தச் சுருக்கத்துக்கும் ஒப்பந்த வாசகத்துக்கும் முரண் தென்பட்டால் ஒப்பந்த வாசகமே செல்லும்.

ஒப்பந்தம் பரஸ்பரமானது என்பதால் ஒவ்வொரு பிரிவையும் இருமுறை வாசிக்க வேண்டியிருக்கிறது: தகவலைத் தரும் தரப்பாக ஒருமுறை, பெறும் தரப்பாக மறுமுறை. நமக்குப் பாதுகாப்பாகத் தோன்றும் சொல்லே அடுத்த வாரம் நம்மைக் கட்டும் சொல்லாகவும் ஆகும். கீழே எழுதியிருப்பவை அந்த இரு நிலைகளையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

இரகசியத் தகவல் எது (பிரிவு 1, 2)

நோக்கம் தொடர்பாக ஒரு தரப்பு மறு தரப்புக்கு எழுத்தாகவோ, வாய்மொழியாகவோ, மின்னணு வடிவிலோ, மாதிரிப் பொருளாகவோ, தொழிலிடத்தைப் பார்வையிடும்போதோ தெரிவிக்கும் தொழில்நுட்ப, வணிக, நிதித் தகவல்கள் அனைத்தும் வரையறைக்குள் வரத்தக்கவை. வரத்தக்கவை என்று சொல்வதற்குக் காரணம், வடிவம் எதுவாக இருந்தாலும் ஒரு நடைமுறை நிபந்தனை கூடவே இருக்கிறது. எழுத்தாகவோ மின்னணு வடிவிலோ தரப்படும் தகவலில் ‘இரகசியம்’ என்ற குறிப்பு இருக்க வேண்டும். வாய்மொழியாகவோ காட்சிமுறையாகவோ தரப்படுவதை, தரும்போதே இரகசியம் என்று சொல்லி, அதன் சுருக்கத்தை 30 நாட்களுக்குள் எழுத்தில் உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டும். அந்த 30 நாட்களும் தகவல் பாதுகாப்பில்தான் இருக்கும். உறுதிப்படுத்தும் கடிதம் போகாவிட்டால், 31ஆம் நாளிலிருந்து பாதுகாப்பு விலகிவிடும்.

கூட்டங்களில் நமது பொறியாளர்கள் வெள்ளைப் பலகையில் வரைந்து விளக்குவது வழக்கமாகிவிட்டதால், நமக்கு மிகுந்த இடர் தரும் உட்பிரிவு இதுதான் என்று கருதுகிறோம். கூட்டத்தை நடத்தியவரே அன்றைய குறிப்பைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பினால், உறுதிப்படுத்தும் கடிதத்தை நாங்கள் தயாரித்து அனுப்புவோம்.

மூன்று வகைத் தகவலுக்கு இந்தக் குறியிடும் நிபந்தனை கிடையாது. மூலநிரல், வாடிக்கையாளர் பட்டியல், விலை நிர்ணய விவரம் ஆகியவை குறிப்பு இல்லாமலே இரகசியத் தகவல்தான். இரு நிறுவனங்களும் பேச்சு நடத்துகின்றன என்ற செய்தியும், இந்த ஒப்பந்தம் இருப்பதும்கூட இரகசியமே. ஆகவே வேறொரு வாடிக்கையாளரிடம் ‘ஒரு வண்டித் தயாரிப்பாளருடன் பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்று பெயர் சொல்லாமல் குறிப்பிடுவதற்கும் விற்பனைப் பிரிவுக்கு இடமில்லை.

பெறும் தரப்பு தானே எழுதும் குறிப்பு, பகுப்பாய்வு, சோதனை அறிக்கை ஆகியவை மறு தரப்பின் இரகசியத் தகவலை உள்ளடக்கியிருக்கும் அளவுக்கு அந்த மறு தரப்பின் தகவலாகவே கருதப்படும். அவர்களுடைய வழிசெலுத்தல் தரவை நமது கணிப்பு முறையில் ஓட்டிப் பார்த்து நாம் எழுதும் அறிக்கையில் அவர்களுடைய தரவும் நமது முறையும் கலந்திருக்கும். அத்தகைய அறிக்கைகளில் இரண்டையும் தனித்தனிப் பகுதிகளாக எழுதிவைத்தால், பின்னர் திருப்பித் தரவோ அழிக்கவோ நேரும்போது நமது பகுதியை இழக்க வேண்டியிருக்காது.

நடைமுறைக்கு வந்த நாளுக்கு முன் தெரிவித்தவற்றில், இணைப்பு 1இல் பட்டியலிட்ட இரண்டு ஆவணங்கள் மட்டுமே உள்ளடங்கும். அதற்கு முன் நாம் செய்துகாட்டிய செயல்விளக்கம் அந்தப் பட்டியலில் இல்லை. அதில் காட்டியவற்றுக்கு இந்த ஒப்பந்தத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது.

விலக்குகள் (பிரிவு 3, 4)

பெறும் தரப்பு தன் பதிவுகளைக் கொண்டு மெய்ப்பிக்கும் பட்சத்தில், நான்கு சூழல்களில் தகவல் இரகசியத் தகவலாகக் கருதப்படாது. ஒப்பந்தத்தை மீறாமலேயே பொதுவெளிக்கு வந்துவிட்ட தகவல் முதலாவது. தெரிவிக்கப்படுவதற்கு முன்பே பெறும் தரப்பிடம் சட்டப்படி இருந்தது இரண்டாவது. வெளியிடும் உரிமையுடைய மூன்றாம் தரப்பிடமிருந்து கட்டுப்பாடின்றிக் கிடைத்தது மூன்றாவது. மறு தரப்பின் தகவலைப் பயன்படுத்தாமல் தானே சுயமாக உருவாக்கியது நான்காவது.

மெய்ப்பிக்கும் பொறுப்பு விலக்கைக் கோரும் தரப்பின் மேல் இருக்கிறது. நமக்கு இது முக்கியமாகப் படுவது நான்காவது சூழலில்தான். பாதை ஒதுக்கீட்டு வசதி ஒன்றை நாம் ஏற்கெனவே உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். எதிர்த்தரப்பிடமும் அதே நோக்கமுள்ள வசதி இருக்கிறது. நாளை அவர்கள் ‘இது எங்கள் தகவலிலிருந்து எடுத்தது’ என்று சொன்னால், நம் குழுவினரின் சொல் மட்டும் போதாது; நாள் குறித்த வடிவமைப்பு ஆவணமும் நிரல் களஞ்சியத்தின் வரலாறும்தான் நமக்குத் துணை நிற்கும். எனவே இணைப்புச் சோதனையில் ஈடுபடுவோரும் பாதை ஒதுக்கீட்டு வசதியை எழுதுவோரும் வேறுவேறு ஆட்களாக இருக்கும்படி பொறியியல் பிரிவு ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். ஒப்பந்தம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இதைவிட வலுவான சான்று வேறில்லை.

பிரிவு 3இன் இறுதியில் ஒரு வரம்பு இருக்கிறது. தனித்தனிக் கூறுகள் பொதுவெளியில் கிடைக்கின்றன என்பதாலேயே அவற்றைச் சேர்த்து அமைத்த முழு முறையும் விலக்குக்குள் வந்துவிடாது. அந்தச் சேர்க்கையும் அது இயங்கும் விதமும் பொதுவெளியில் இருந்தால்தான் வரும். நமது கணிப்பு முறையின் பெரும்பாலான கூறுகள் பாடநூல்களிலேயே இருப்பவை என்பதால், தரும் தரப்பாக இந்த வரம்பு நமக்குப் பெரிதும் உதவுகிறது.

நீதிமன்றமோ அரசு அமைப்போ சட்டப்படி கேட்டுத் தகவலைத் தர நேர்வதைப் பலர் ஐந்தாவது விலக்காக எண்ணிக்கொள்கிறார்கள். அது விலக்கு அல்ல. பிரிவு 4இன்படி ஒரு முறை வெளியிடுவதற்கான அனுமதி மட்டுமே. சட்டம் தடுக்காதவரை மறு தரப்புக்கு முன்கூட்டி எழுத்தில் அறிவிக்க வேண்டும், கேட்கப்பட்ட அளவுக்கு மட்டும் தர வேண்டும். தந்த பிறகும் மற்ற எல்லாருக்கும் அது இரகசியத் தகவலாகவே தொடரும்.

நினைவில் தங்கிய பொது அறிவை ஊழியர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்ற உட்பிரிவு சில ஒப்பந்தங்களில் இருக்கும். இதில் இல்லை. அவர்களுடைய ஆவணத்தைத் திருப்பித் தந்த பிறகும், படித்தது மனத்தில் இருக்கிறது என்று அதை வேறு பணியில் பயன்படுத்த முடியாது.

காலவரை (பிரிவு 6, 7, 8)

இங்கே இரண்டு காலங்கள் ஓடுகின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தகவல் பரிமாறிக்கொள்ளும் காலம் இரண்டு ஆண்டுகள். அது 2027 ஜூன் 1 அன்று முடிகிறது. இரகசியம் காக்கும் கடமை, ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து மேலும் மூன்று ஆண்டுகள் தொடரும். வழக்கமான போக்கில் அது 2030 ஜூன் 1 வரை. முதல் நாளில் தந்த தகவலுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளும், கடைசி நாளில் தந்ததற்கு மூன்று ஆண்டுகளும் பாதுகாப்பு கிடைக்கிறது.

ஆனால் 30 நாள் எழுத்து முன்னறிவிப்புடன் எந்தத் தரப்பும் காரணம் சொல்லாமல் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். கடமையின் மூன்றாண்டுக் கணக்கு ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து தொடங்குவதால், ஒப்பந்தத்தின் முடிவை முன்னே இழுப்பவர் கடமையின் முடிவையும் முன்னே இழுத்துவிடுகிறார். எடுத்துக்காட்டாக, 2025 செப்டம்பர் 1 அன்று முன்னறிவிப்பு தரப்பட்டால் ஒப்பந்தம் அக்டோபர் 1 அன்று முடியும்; கடமை 2028 அக்டோபர் 1 அன்று தீர்ந்துவிடும். முக்கியமான ஆவணங்களைத் தொடக்கத்திலேயே மொத்தமாகக் கொடுத்துவிடாமல், பேச்சு முன்னேறும் அளவுக்கு ஏற்பத் தருவது நல்லது என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

மூலநிரலுக்கும் வணிக இரகசியத்துக்கும் இந்த மூன்றாண்டு வரம்பு பொருந்தாது. வணிக இரகசியத் தன்மை நீடிக்கும்வரை கடமையும் நீடிக்கும். வணிக இரகசியம் என்பதற்கு ஒப்பந்தம் தரும் விளக்கம், உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கையின் 39ஆம் உறுப்பைப் பின்பற்றுகிறது: தகவல் இரகசியமாக இருக்க வேண்டும், இரகசியமாக இருப்பதாலேயே அதற்கு வணிக மதிப்பு இருக்க வேண்டும், அதை இரகசியமாக வைத்திருக்க உரியவர் நியாயமான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனை நம் கையில்தான் இருக்கிறது. அனுமதிக் கட்டுப்பாடு இல்லாத பொதுக் கோப்புறையில் கிடக்கும் ஆவணத்தை வணிக இரகசியம் என்று பின்னாளில் வாதிடுவது கடினம்.

ஒப்பந்தம் முடிந்தபின், அல்லது மறு தரப்பு எழுத்தில் கேட்டால், 30 நாட்களுக்குள் எல்லாப் பிரதிகளையும் திருப்பித் தரவோ அழிக்கவோ வேண்டும். பொறுப்பதிகாரி ஒருவர் அதற்குச் சான்றும் தர வேண்டும். தானியங்கிக் காப்புப் பிரதிகளை உடனே அழிக்கத் தேவையில்லை. அவை இருக்கும்வரை கடமையும் இருக்கும்.

மீறல் நேர்ந்தால் உள்ள தீர்வுகள் (பிரிவு 9 முதல் 12 வரை)

அனுமதியற்ற வெளியீட்டையோ பயன்பாட்டையோ அறிந்த 48 மணி நேரத்துக்குள் மறு தரப்புக்கு எழுத்தில் அறிவித்து, பரவலைத் தடுக்க ஒத்துழைக்க வேண்டும். ஊழியர், ஆலோசகர், துணை ஒப்பந்ததாரர் ஆகியோரின் செயலுக்கு அவர்களிடம் தகவலைக் கொடுத்த தரப்பே பொறுப்பு. ஆகவே தவறாக அனுப்பிய மின்னஞ்சலாக இருந்தாலும் அதே நாளில் சட்டப் பிரிவுக்குத் தெரிவியுங்கள். நீங்கள் அறிந்த நேரத்திலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது.

வெளியான இரகசியத்துக்குப் பணம் மட்டும் போதிய ஈடாகாது என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டு, நீதிமன்றத்தில் தடையாணை கோரும் உரிமையைப் பிரிவு 10 தருகிறது. இந்த ஒப்புதல் இருப்பதாலேயே தடையாணை தானாகக் கிடைத்துவிடாது. வழங்குவதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் முடிவு, விரைந்து செல்லாத தரப்பின் கோரிக்கை வலுவிழக்கக்கூடும். இடைக்காலத் தடையாணை தவிர்த்த மற்றச் சச்சரவுகள் ஒற்றை நடுவரிடம் போகும்.

இழப்பீட்டைப் பொறுத்தவரை, மீறலுக்கு இவ்வளவு என்று முன்கூட்டி நிர்ணயித்த தொகை எதுவும் ஒப்பந்தத்தில் இல்லை. இழப்பைக் கோரும் தரப்பு அதன் அளவை மெய்ப்பிக்க வேண்டும். இத்துடன், இலாப இழப்பு போன்ற மறைமுக இழப்புகளைப் பிரிவு 11 பொதுவாகத் தவிர்த்துவிடுகிறது. வேண்டுமென்றே செய்த வெளியீடும் மூலநிரல் வெளியீடும் மட்டுமே இதற்கு விதிவிலக்கு. இரகசியம் கசிவதால் ஏற்படும் உண்மையான சேதம் பெரும்பாலும் இலாப இழப்பாகவே இருப்பதால், கவனக்குறைவாக நமது விலை விவரத்தை அவர்கள் கசியவிட்டால் நமக்குப் பணமாகக் கிடைப்பது சொற்பமே. நாம் கசியவிட்டாலும் அதே கணக்குதான் அவர்களுக்கும். நமது விலை விவரம் எதிர்த்தரப்பின் போட்டியாளர்களுக்கும் பயன்படக்கூடியது என்பதால், இந்த உட்பிரிவை மாற்றும் வரை விலைப் பட்டியலை முழுமையாகத் தராமல், நோக்கத்துக்குத் தேவையான வரம்புகளை மட்டும் தருமாறு விற்பனைப் பிரிவைக் கேட்டுக்கொள்கிறோம். திருத்தத்துக்கான வரைவைச் சட்டப் பிரிவு எதிர்த்தரப்புக்கு அனுப்பும். பிரிவு 12இன்படி இரு தரப்பும் எழுத்தில் கையெழுத்திட்டால்தான் திருத்தம் செல்லுபடியாகும்.