விளம்பரத்துக்கு 17 சொற்கள்

அன்புள்ள தம்பிக்கு,

நாளை நீ விளம்பரப் பிரிவில் கொடுக்க வேண்டிய வாசகம் இதுதான். இப்படியே எழுதிக் கொடு:

"வாடகைக்கு: 2 படுக்கையறை வீடு, இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. ரயில்நிலையம் 10 நிமிடநடை. தனிமீட்டர். ஞாயிறு 10-1 நேரில்: 14, குளக்கரைத்தெரு."

எண்ணிப் பார்த்தேன், 17 சொற்கள். குறைந்தபட்சக் கட்டணத்தில் 15 சொற்கள் அடங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு சொல்லுக்கும் தனிக் காசு என்று சொன்னாய். ஆகவே இரண்டு சொற்களுக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டும். கட்டிவிடு.

நீ எழுதி அனுப்பியதைப் படித்தேன். "நல்ல காற்றோட்டமும் வெளிச்சமும் நிறைந்த, அமைதியான சூழலில் அமைந்துள்ள அழகிய வீடு, அனைத்து வசதிகளுடன், நல்ல குடும்பத்தினருக்கு மட்டும் உடனடியாக வாடகைக்கு விடப்படும். ரயில் நிலையத்திற்கு மிக அருகில். விருப்பமுள்ளவர்கள் தொடர்பு கொள்ளவும்." மொத்தம் 24 சொற்கள். இதில் எத்தனை அறை என்பது இல்லை, எந்த மாடி என்பது இல்லை, யாரை எங்கே வந்து பார்ப்பது என்பதும் இல்லை. காற்றும் வெளிச்சமும் வீட்டுக்குள் வந்து நின்றால் தானாகத் தெரியும். அதைக் காசு கொடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. "மிக அருகில்" என்று எல்லோரும்தான் போடுகிறார்கள், யாரும் நம்புவதில்லை. பத்து நிமிடம் என்றால் காலையில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் உடனே கணக்குப் போட்டுக்கொள்வார். நானே நடந்து பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். சாதாரண நடைக்குச் சரியாகப் பத்து நிமிடம்.

"நல்ல குடும்பத்தினருக்கு மட்டும்" என்பதைக் காசுக்காக மட்டும் நீக்கவில்லை. நம் வீட்டில் நான்கு வருடம் இருந்து, ஒரு மாத வாடகைகூடத் தாமதிக்காமல், போகும்போது சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளைக்கூடப் பூசிவிட்டுப் போனவர் தனியாக இருந்த பெண். அந்த மூன்று சொற்கள் அன்றைக்கு இருந்திருந்தால் அவர் நம் படியேறியிருக்கவே மாட்டார்.

"லிஃப்ட் இல்லை" என்பதை எடுத்துவிட்டால் கணக்கு 15-க்குள் வந்துவிடும் என்று நீ சொல்வாய். தயவுசெய்து எடுக்காதே. போன முறை அதைத்தான் மிச்சம் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமை வயதான தம்பதி ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்தார்கள். அந்த அம்மா முதல் மாடித் திருப்பத்திலேயே கைப்பிடியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "பேப்பரில் போட்டிருந்தால் வந்திருக்க மாட்டோமே" என்று மட்டும் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்து, ஆட்டோ வைத்து அனுப்பினேன். வீட்டை அவர்கள் பார்க்கவே இல்லை. இன்றும் அந்தத் திருப்பத்தைக் கடக்கும்போது எனக்கு அது நினைவு வரும்.

சேர்த்து எழுதியிருக்கும் சொற்களைப் பிரித்துவிடாதே. "ரயில் நிலையம்" இரண்டு சொல், "ரயில்நிலையம்" ஒன்று. தமிழ் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் "இரண்டுபடுக்கையறைவீடு" என்று கோத்துவிட வேண்டாம். படிப்பவர் தடுமாறுவார், அங்கே எண்ணுகிறவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். "வீடு" என்ற சொல்லும் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் அறைகளைத் தனித்தனியாக விடுகிறோம் என்று நினைத்து வருவார்கள்.

தொலைபேசி எண் போட்டால் முகவரியைவிட ஒரு சொல் குறையும். ஆனால் வேலை நேரத்தில் என்னால் பேச முடியாது. எடுக்காத எண்ணைக் கொடுத்து யாரையும் காத்திருக்க வைக்க எனக்கு மனம் இல்லை.

வாடகைத் தொகையை அம்மாவுடன் இன்று இரவு பேசி முடித்துவிடுவோம். முடிவானால் "வீடு" என்பதற்குப் பிறகு அந்த எண்ணையும் சேர்த்துவிடு. அது 18-ஆவது சொல்லாக வந்தாலும் பரவாயில்லை, கட்டுப்படியாகாதவர்கள் வீணாக அலைய வேண்டாம்.

அங்கே போனதும் ஒன்று கேள். அவர்களுடைய பத்தியின் தலைப்பே "வாடகைக்கு" என்று இருந்தால், நம்முடைய முதல் சொல்லை அடித்துவிட்டு, "தனிமீட்டர்" பக்கத்தில் "கிணற்றுநீர்" என்று சேர்த்துக்கொள். கோடையிலும் வற்றாத கிணறு அது, வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டியதுதான். அச்சுக்குப் போகும் முன் கதவு எண்ணை ஒரு முறை வாய்விட்டுப் படித்துச் சரிபார். 14 என்பது 41 ஆகிவிட்டால் 17 சொல்லும் வீண்.

சனிக்கிழமை இதழில் வரும்படி கொடு. ஞாயிறு ஒன்பதரைக்கே நான் போய்விடுவேன். முதல் மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா