உடனே நிறுத்துங்கள்: மாடல் 5017, 5 லிட்டர் குக்கர் திரும்பப் பெறப்படுகிறது

மதுரை மாவட்டப் பாத்திரக் கடைகளில் விற்ற, மாடல் எண் 5017 கொண்ட 5 லிட்டர் அலுமினிய வெளிமூடி பிரஷர் குக்கரில் இனி ஒரு முறைகூடச் சமைக்காதீர்கள். மூடி வெடித்துத் தெறிக்கும் ஆபத்து இருக்கிறது. இதுவரை நன்றாக வேலை செய்தது என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

இப்போது அடுப்பில் இருந்தால்

முகத்தைக் குக்கருக்கு நேராகக் கொண்டுபோகாமல், பக்கவாட்டில் நின்று பர்னர் திருகை மூடுங்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் சமையலறையிலிருந்து வெளியே அனுப்புங்கள். குக்கரைத் தூக்காதீர்கள், நகர்த்தாதீர்கள், மேலே தண்ணீர் ஊற்றாதீர்கள், கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றாதீர்கள்.

குறைந்தது 2 மணி நேரம், பாத்திரம் முழுதாக ஆறும்வரை அப்படியே விடுங்கள். ஆவி வரவில்லை என்றால் உள்ளே அழுத்தம் இல்லை என்று பொருள் கிடையாது. குழாய் அடைத்திருந்தாலும் ஆவி வராது. ஆறிய பிறகும் மூடி எளிதாகத் திறக்காவிட்டால் அடித்தோ நெம்பியோ திறக்க வேண்டாம்.

உங்களுடையது இதுதானா?

குக்கரைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். 5017 என்ற எண்ணுக்குக் கீழே நான்கு இலக்க பேட்ச் எண் பொறித்திருக்கும். அது 0724, 0824, 0924, 1024 ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். தேய்த்துத் தேய்த்து எண் அழிந்திருந்தால், அதையும் ஆபத்தான குக்கராகவே கருதிக் கொண்டுவாருங்கள். 3 லிட்டர், 7.5 லிட்டர் குக்கர்களுக்கு இந்த அறிவிப்பு பொருந்தாது.

இவற்றைக் கல்யாணச் சீராகவும் பரிசாகவும் பலர் வாங்கியிருக்கிறார்கள். மகள் வீட்டுக்கோ வெளியூருக்கோ கொடுத்தனுப்பியிருந்தால் இன்றே போன் செய்து அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மெஸ், டீக்கடை, கோயில் அன்னதானக் கூடங்களில் இருக்கும் குக்கர்களையும் பாருங்கள்.

குறை என்ன?

குக்கரில் அழுத்தம் அளவாக இருக்கும்போது உள்ளே சுமார் 120 டிகிரி செல்சியஸ் சூடு இருக்கும். துவரம்பருப்பின் நுரையோ தோலோ விசில் குழாயை அடைத்தால் அழுத்தமும் சூடும் ஏறிக்கொண்டே போகும். அப்போது மூடியில் உள்ள சேப்டி வால்வின் நடுப்பொட்டு உருகி, ஆவியை வெளியே விட வேண்டும். இந்த நான்கு பேட்ச்களில் அந்தப் பொட்டுக்குத் தவறான உலோகக் கலவை சேர்ந்துவிட்டது. உருக வேண்டிய சூட்டில் அது உருகாது. ஆவிக்கு வழியில்லாமல் போனால் கொதிக்கும் பருப்போடு மூடி பறக்கும்.

கண்ணால் பார்த்து நல்ல வால்வையும் கெட்ட வால்வையும் பிரிக்க முடியாது. வீட்டில் சோதிக்கவும் வழியில்லை. புது வால்வோ கேஸ்கட்டோ வாங்கி மாட்டிச் சமாளிக்க வேண்டாம். வேறு அளவு வால்வு மாட்டினால் ஆபத்து கூடத்தான் செய்யும்.

எப்படித் திருப்பிக் கொடுப்பது?

வாங்கிய கடைக்கு, மூடியும் வெயிட்டும் சேர்த்து எடுத்துவாருங்கள். பில் தேவையில்லை. அடிபட்டு நசுங்கிய குக்கர் என்றாலும் முழு விலையும் அங்கேயே ரொக்கமாகக் கிடைக்கும். கடைசி நாள் என்று எதுவும் இல்லை. உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து உடனே வர முடியாதவர்கள், கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றித் தனியே எடுத்து வையுங்கள். வீட்டில் வேறு யாரும் தெரியாமல் அடுப்பில் ஏற்றிவிடக் கூடாது. பழைய பாத்திரத்துக்குப் போடவே போடாதீர்கள். அது இன்னொரு வீட்டு அடுப்புக்குத்தான் போகும்.

பணத்தைத் திருப்பித் தர ஆதார் எண், வங்கி விவரம், ஓடிபி எதுவும் கேட்க மாட்டோம். அப்படி யார் கேட்டாலும் போனை வையுங்கள்.

ஏற்கெனவே வெடித்திருந்தால்

வெந்த இடத்தில் குழாய்த் தண்ணீர் 20 நிமிடம் ஓடட்டும். மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். மஞ்சள், மை, பற்பசை, எண்ணெய் தடவக் கூடாது. முகம், கண், கை வெந்திருந்தாலோ, வெந்தது குழந்தையாக இருந்தாலோ உடனே 108.

அடுப்பு நகர்ந்து கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வாருங்கள். லைட், பேன் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்தபின் 1906ஐ அழையுங்கள்.

வெடித்த குக்கரைக் கழுவாமல் அப்படியே கொண்டுவாருங்கள். எந்த இடத்தில் அடைத்தது என்று பார்க்க அது தேவை. கடையில் வாங்க மறுத்தாலோ பணம் குறைத்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள்.